ஏலப் பற்றையைப் படத்தில் பார்த்து அறிதல்: எதைப் பிடுங்குவது, எதைக் காப்பாற்றுவது?

ஏலம் நம்மில் பலருக்குப் புதிய பயிர். நெல்லும் வெங்காயமும் மிளகாயும் செய்து பழகிய குடும்பங்கள், இடம்பெயர்ந்து மலைப்பக்கம் வந்தபின், பிறருடைய ஏலக்காணியைப் பங்குக்குப் பராமரிக்க நேரும்போது ஒரு சங்கடம் உண்டாகிறது. இலையில் கோடு விழுந்திருக்கும், காய் உதிர்ந்து கிடக்கும், பற்றையில் பாதி காய்ந்து நிற்கும். காணிக்காரர் தூரத்தில் இருப்பார். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால், "பிடுங்கிவிடு" என்றோ "மருந்து அடி" என்றோ பதில் வரும். ஏலக்கன்று நட்டுக் காய்க்க இரண்டு மூன்று வருடம் செல்லும். பிடுங்கக் கூடாத பற்றையைப் பிடுங்கினால் அத்தனை வருடப் பங்கும் போய்விடும். பிடுங்க வேண்டியதை விட்டுவைத்தாலோ அது பக்கத்துப் பற்றைகளையும் கொண்டுபோகும். ஆகவே படத்தைப் பார்த்து இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்தப் பாடம்.

இங்கு சொல்லப்படும் நோய்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளிலும் கர்நாடகத்தின் குடகுப் பகுதியிலும் நீண்டகாலமாக ஆராயப்பட்டவை. மைலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. அங்குள்ள மழை மாதங்களும் நமது மலைகளின் மழை மாதங்களும் வேறுபடும். அதைப் பின்னர் பார்ப்போம்.

நல்ல பற்றை எப்படி இருக்கும்?

நோயை அறியுமுன் சுகமான பற்றையை அறிய வேண்டும். ஏலத்தின் உண்மையான தண்டு மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கே. மேலே ஆளுயரத்துக்கு மேல் நிற்பவை இலைமடல்கள் ஒன்றையொன்று சுற்றியமைந்த பொய்த்தண்டுகள்; வாழையைப் போலத்தான். காய்க்கும் சரமோ உச்சியில் வராது, அடியிலிருந்து புறப்படும். சில வகைகளில் அது தரையோடு படர்ந்து கிடக்கும், சிலவற்றில் நிமிர்ந்து நிற்கும்.

ஒரு தண்டு முளைத்து, வளர்ந்து, அடியில் சரம் விட்டுக் காய்த்து, பின் தானாகவே காய்ந்துபோகும். அதற்குள் கிழங்கு வெளிப்பக்கமாக வளர்ந்து புதுத் தண்டுகளை விட்டிருக்கும். ஆகவே ஒரு பற்றையில் காய்ந்த தண்டு சில நிற்பதும், வயதான பற்றையின் நடு வெறுமையாகி ஓரம் பசுமையாக இருப்பதும் நோயல்ல. தூரத்திலிருந்து எடுத்த ஒற்றைப் படம் இந்தக் காய்ந்த தண்டுகளைத்தான் பெரிதாகக் காட்டும். படத்தைப் பார்ப்பவர் பயப்படுவதும் இதனால்தான். பார்க்க வேண்டியது இளந்தண்டுகளை. அவை நிமிர்ந்து, கனமாக, சென்ற வருடத் தண்டுகளின் உயரத்தை எட்டும் வகையில் வருகின்றனவா? வருடத்துக்கு வருடம் புதுத்தண்டு குட்டையாகவும் மெலிந்தும் வந்தால், இலையில் என்ன நிறம் இருந்தாலும், கிழங்கில் ஏதோ குறை இருக்கிறது.

நான்கு படங்கள்

ஒரு பற்றைக்கு நான்கு படங்கள் எடுங்கள். முதலாவது, பத்து அடி தள்ளி நின்று முழுப் பற்றையும் தெரிய. இரண்டாவது, இளந்தண்டின் உச்சியில் கடைசியாக விரிந்த இலையை, வெளிச்சம் இலைக்குப் பின்னால் இருக்கும்படி பிடித்து, கிட்டத்தில். மூன்றாவது, அடியிலுள்ள சருகைக் கையால் விலக்கி, தண்டுகள் மண்ணைத் தொடும் இடத்தை. நான்காவது, ஒரு சரத்தை அடி முதல் நுனி வரை, பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்து. தீக்குச்சி அளவு காட்டுவதற்காக.

இரண்டாவது படமே இவற்றுள் முக்கியமானது. அதைத்தான் பெரும்பாலும் எவரும் எடுப்பதில்லை. பழுத்த இலையையோ கிழிந்த இலையையோ படம் எடுப்பார்கள், ஏனெனில் கண்ணில் படுவது அதுதான். பனி காய்ந்தபின் எடுங்கள், பிளாஷ் போடாதீர்கள். ஈர இலையில் பிளாஷ் பட்டால் வெள்ளைக் கோடுகள் போலப் பளபளப்பு விழும், அதை நோயென்று எண்ணிவிடலாம். வட்சப்பில் அனுப்பும் படத்தில் மெல்லிய கோடுகள் மங்கிப்போவதும் உண்டு. உத்தியோகத்தரிடம் நேரே போக முடியுமானால் தொலைபேசியிலேயே பெரிதாக்கிக் காட்டுவது நல்லது.

இலைக்கோடு: பிடுங்க வேண்டியது எது?

ஏலத்தில் தீர்க்க முடியாத நோய் கட்டே எனப்படும் வைரசு நோய். அதன் முதல் அடையாளம் இளம் இலையில் வரும். இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் நீளமான, நடுவில் சற்றுப் பருத்து இருமுனையும் ஒடுங்கிய வெளிர்ப்புள்ளிகள் தோன்றும். பின் அவை நீண்டு, நடுநரம்பிலிருந்து இலையோரம் வரை பக்க நரம்புகளுக்கு இணையாக ஓடும் வெளிர்பச்சைக் கோடுகளாகும். கோடு விட்டுவிட்டு இருக்கும். கோடும் பச்சையும் மாறிமாறி வருவதால் வெளிச்சத்தில் பிடித்த இலை நூல்பட்டுச் சேலை போலத் தெரியும். அதே தண்டில் அதன்பின் விரியும் ஒவ்வோர் இலையிலும் அது வரும். இலைமடல்களிலும் இளந்தண்டிலும் திட்டுத்திட்டான வெளிறல் காணப்படும். தடவிப் பார்த்தால் இலை வழக்கம் போலவே இருக்கும். கோட்டில் ஈரமோ கருகலோ துளையோ இராது.

இதனோடு மயங்கக்கூடியது இடுக்கியில் செந்தல் என்று சொல்லப்படும் இலைக்கருகல். இது பங்கசினால் வருவது. இதிலும் நரம்புக்கு இணையாக நீண்ட கோடுகள் உண்டு. ஆனால் அவை முதலில் நீர் ஊறியவை போலிருந்து, பின் மஞ்சளாகி, செம்பழுப்பாகிக் காய்ந்துவிடும். முற்றினால் இலை தீயில் வாட்டியது போலிருக்கும். நிழல் குறைந்த இடங்களில், பெருமழை ஓய்ந்தபின் அதிகம் காணலாம். மிகவும் உதவும் வேறுபாடு ஒன்றுண்டு: செந்தல் பெரும்பாலும் உச்சியிலுள்ள இரண்டு இளம் இலைகளைத் தொடாது, அவற்றுக்குக் கீழேதான் தொடங்கும். கட்டேயோ அந்த இளம் இலையில்தான் முகம் காட்டும். இரண்டாவது படத்தை வலியுறுத்தியதன் காரணம் இப்போது விளங்கும்.

கட்டே பிடித்த பற்றை உடனே சாவதில்லை. இதுவே அதன் வஞ்சகம். கன்றாக இருக்கும்போது பிடித்தால் காய்க்கவே மாட்டாது. காய்க்கும் பற்றையில் பிடித்தால் முதல் வருடம் ஓரளவு காய் தரும். பின் தண்டுகள் குட்டையாகி, சரம் சிறுத்து, மூன்று வருட அளவில் பலன் ஏறக்குறைய இல்லாமற் போகும். "இவ்வருடம் காய்க்கிறதே, இருக்கட்டும்" என்று விடுவது இயற்கைதான். ஆனால் அந்த ஒரு வருடக் காய்க்காகப் பக்கத்துப் பற்றைகளைப் பணயம் வைக்கிறோம்.

அதைப் பரப்புவது ஒருவகை அழுக்கணவன். வாழையில் இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும் நோயை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைப் பரப்பும் அழுக்கணவனுக்கு நெருங்கிய உறவினம் இது. ஏலத்தின் பழைய, தளர்ந்த இலைமடல்களுக்குள் ஒளிந்திருக்கும், சேம்பிலும் பெருகும். நோயுள்ள இலையில் சற்று நேரம் சாறு உறிஞ்சினாலே போதும், அடுத்த செடியில் குத்தியவுடன் வைரசைக் கொடுத்துவிடும். நாம் அடித்த நஞ்சு அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். எனவே கட்டேக்கு மருந்தடிப்பது காசுக்கு நட்டம். நோய்ப்பற்றையை அகற்றுவது, காய்ந்த இலைமடல்களைக் கழித்து ஒளிவிடத்தைக் குறைப்பது, ஏலத்துக்குள் நிற்கும் சேம்பை எடுத்துவிடுவது ஆகியவையே வழி.

இந்த வைரசு விதையினாலும் மண்ணினாலும் பரவாது. ஆனால் நோய்ப்பற்றையிலிருந்து பிரித்து நட்ட கிழங்கில் கட்டாயம் இருக்கும். அயலவர் அன்போடு தரும் கிழங்கை வாங்குமுன் அந்தத் தாய்ப்பற்றையின் இளம் இலையைப் பாருங்கள்.

காய் அழுகல்: பிடுங்கத் தேவையில்லாதது

மலையாளத்திலும் தமிழிலும் இதன் பெயர் அழுகல்தான். காரணி பைற்றப்தோரா என்னும் நுண்ணுயிர். பங்கசு போலத் தோன்றினாலும் அதன் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை. மண்ணில் கிடந்து, மழைத்துளி தெறிக்கும்போது அடியிலுள்ள காய்க்கு ஏறும். ஆகையால் தரையோடு படரும் சரம் முதலில் பாதிக்கப்படும். இடுக்கியில் யூன் மாத மழையுடன் தொடங்கி ஆவணிப் பக்கம் உச்சமடையும். 2018 ஓகத்து மாதப் பெருமழையிலும் வெள்ளத்திலும் அம்மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய்கள் பெருமளவில் அழுகி உதிர்ந்தன.

நான்காவது படத்தில் இது எப்படித் தெரியும்? காயில் வெந்நீர் பட்டது போன்ற ஒரு திட்டுத் தோன்றும். பச்சை மங்கி, பழுப்புப் பச்சையாகி, முழுக்காயும் பழுப்பாகும். அமர்த்தினால் நசியும், நாற்றம் வரும். இந்த நாற்றத்தைப் படம் காட்டாது, ஆகவே முகர்ந்து பார்த்து எழுதி அனுப்புங்கள். விரியாத குருத்திலையிலும் இதே நீரூறிய திட்டு வந்து, இலை நரம்போடு நரம்பாகக் கிழிந்து தொங்கும். கிழிந்த இலையைக் கோடு விழுந்த இலையென்று எண்ணிக் கட்டே எனத் தீர்ப்பளிப்பதும் உண்டு.

காயில் பழுப்பு நிறம் கண்டதெல்லாம் அழுகலல்ல. சொரி பிடித்தது போல் உலர்ந்து தடித்த பழுப்புத் தழும்பு காயின் மேற்றோலில் இருந்து, காய் உறுதியாகவும் மணமாகவும் இருந்தால், அது பனிப்பூச்சியின் வேலை. இலைப்பேன் என்றும் அதைச் சொல்வர். விலை குறையும், காய் அழுகாது. வட்டமான துளையும் உள்ளே வெறுமையும் இருந்தால் காய்துளைக்கும் புழு. இரண்டுக்கும் அழுகலுக்கான செப்பு மருந்து பயன்படாது.

அழுகலுக்குச் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பகுதி மழைக்கு முன்னான வேலை. காய்ந்த தண்டுகளையும் தொங்கும் இலைகளையும் கழித்துப் பற்றைக்குள் காற்றுப்போக வழி செய்யுங்கள். அடியில் சருகு குவிந்திருந்தால் சரத்தின்மேல் படாமல் விலக்குங்கள். நீர் தேங்கும் இடத்தில் வடிகான் வெட்டுங்கள். நிழல் மிக அடர்த்தியானால் கிளை சிலவற்றைக் குறைக்கலாம், ஆனால் அரச காட்டு எல்லையானால் அனுமதியின்றிக் கத்தி வைக்க வேண்டாம்.

அதன்பின் ஒரு வீத போர்டோக் கலவை. பத்து லீற்றருக்கு நூறு கிராம் மயில்துத்தமும் நூறு கிராம் நல்ல நீற்றுச் சுண்ணாம்பும் தேவை. மயில்துத்தத்தை ஐந்து லீற்றர் நீரில் பிளாஸ்ரிக் வாளியிலோ மண்பானையிலோ கரையுங்கள். இரும்பு, தகர வாளி கூடாது. சுண்ணாம்பை வேறொரு வாளியில் மீதி ஐந்து லீற்றரில் கரைத்து வடியுங்கள். பின் மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். துலக்கிய கத்தியொன்றை அதில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். படியாவிட்டால் சரி. அன்றைக்கே அடித்து முடியுங்கள், மறுநாள் வைத்தால் பயன் குறையும். முற்றிய காயைப் பறித்தபின், சரமும் அடியும் நனைய ஒரு பற்றைக்கு அரை முதல் ஒரு லீற்றர் வரை அடிக்கலாம். மழை தொடங்குமுன் ஒருமுறையும், ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதத்தின்பின் மழை விட்ட நாளொன்றில் மறுமுறையும் போதும். இறங்குமுகமான நீரோடைக்குக் கலவை வழியாதபடி பாருங்கள். வாளியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

ரைக்கோடேர்மா என்னும் நல்ல பங்கசை எருவுடன் கலந்து அடியில் இடும் வழக்கமும் உண்டு. அது நல்லதே. ஆனால் செப்புக் கலவை அதையும் கொல்லும். இரண்டையும் ஒரே காலத்தில் செய்து பணத்தை வீணாக்காதீர்கள்.

அழுகிய காய்களைப் பற்றையடியில் உதிர விடாமல் பையில் சேர்த்து, காணிக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள்.

கிழங்கு அழுகல்

மூன்றாவது படம் இதற்காக. தண்டு மண்ணைத் தொடும் கழுத்து பழுப்பாகி நீரூறி இருந்தால், அந்தத் தண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். சுகமான தண்டு அசையாது. அழுகியது கையோடு வந்துவிடும், அடி நாறும். மேலே இலைகள் கோடில்லாமல் ஒரே சீராக மஞ்சளாகியிருக்கும். முழுக்கிழங்கும் போயிருந்தால் அகற்ற வேண்டியதுதான். பாதி வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால், அழுகிய பாதியை வெட்டியெடுத்து, நீர் வடிய வழி செய்து, மீதியை விட்டுவைக்கலாம்.

ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக அறுபது பற்றையுள்ள ஒரு சரிவுக்காணியை எண்ணிக்கொள்வோம். பெருமழை ஓய்ந்த நேரம். பங்குக்குப் பராமரிக்கும் குடும்பம் பதினொரு பற்றையில் "இலைக்கோடும் அழுகலும்" என்று சொல்கிறது. காணிக்காரர் பதினொன்றையும் பிடுங்கச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் நான்கு படங்கள் எடுத்து, பற்றைக்கு இலக்கமிட்டு, எங்கு நிற்கிறது என்று ஒரு கொப்பியில் படம் கீறுகிறார்கள்.

கீழ் வரம்போரம், நீர் தேங்கும் இடத்தில் நான்கு பற்றைகள். அடிச்சரத்துக் காய்கள் பழுப்பாகி நாறுகின்றன. சில குருத்துகள் கிழிந்துள்ளன. வெளிச்சத்தில் பிடித்த இளம் இலை தெளிவான பச்சை. இழுத்துப் பார்த்தால் தண்டு அசையவில்லை. இது காய் அழுகல். வடிகான் வெட்டி, அழுகியதைப் பொறுக்கி, கலவை அடித்தால் போதும். நான்கும் நிற்கட்டும்.

மேற்கு ஓரத்தில், நிழல்மரம் ஒன்று விழுந்த இடத்தில் மூன்று. நடு இலைகளில் செம்பழுப்புக் கோடுகள், உச்சி இலை இரண்டும் சுகம். இது செந்தல். நிழலைத் திரும்ப உண்டாக்க வேண்டும். கருகிய இலைகளை வெட்டிப் புதைக்க வேண்டும். இவையும் நிற்கட்டும்.

மேல் வரிசையில் அடுத்தடுத்து மூன்று. இளம் இலையில் விட்டுவிட்டு ஓடும் வெளிர்பச்சைக் கோடுகள், தண்டில் வெளிறல், புதுத்தண்டுகள் குட்டை. அடுத்தடுத்து நிற்பதும் ஒரு சான்று, ஏனெனில் அழுக்கணவன் பெரும்பாலும் பக்கத்துப் பற்றைக்குத்தான் நகரும். இது கட்டே. மூன்றும் போக வேண்டும்.

மீதி ஒன்று அவற்றுக்கு அருகில் நிற்கிறது. ஓர் இலையில் மட்டும் சில வெளிர்ப்புள்ளிகள். படத்தைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தண்டில் ஒரு துணித்துண்டைக் கட்டி, அடுத்த இரண்டு இலைகள் விரியும்வரை காத்திருந்து, அதே தண்டைத் திரும்பப் படமெடுக்க வேண்டும். புதிய இலைகளிலும் கோடு வந்தால் நான்காவதாக அதுவும் போகும்.

ஆக, பதினொன்றில் மூன்று நிச்சயம், ஒன்று சந்தேகம், ஏழு தப்பின. காணிக்காரரிடம் படங்களையும் கொப்பியையும் காட்டிப் பேசுவது, வாயால் மறுப்பதைவிட எளிது.

பிடுங்கும் முறையும் அதன்பின்னும்

கோடு உள்ள தண்டை மட்டும் வெட்டினால் பயனில்லை. வைரசு கிழங்கில் இருக்கிறது. அலவாங்கினால் முழுக்கிழங்கையும் கிளப்பி, துண்டுகளைப் பொறுக்கி, காணிக்கு வெளியே உலரவிட்டு அழியுங்கள். மண்ணில் விட்டுப்போன விரலளவு கிழங்கும் முளைக்கும், அந்த முளையும் நோயுடனேயே வரும். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு அந்தக் குழியைப் பார்த்து முளைத்ததைக் கிள்ளியெறிய வேண்டும். முளை நின்றபின் அதே குழியில் நடலாம். காணியிலிருந்து தள்ளியுள்ள நாற்றுமேடையில் விதையிலிருந்து வளர்த்த கன்றே நல்லது.

வைரசு புகுந்தபின் அடையாளம் தெரிய மூன்று வாரமும் செல்லலாம், மூன்று மாதத்துக்கு மேலும் செல்லலாம். அந்த இடைவெளியில் எந்தப் படமும் அதைக் காட்டாது. எனவே பிடுங்கிய இடத்தைச் சுற்றியுள்ள பற்றைகளின் இளம் இலையை மாதம் ஒருமுறை, நான்கு மாதமாவது படமெடுங்கள்.

மழைக்காலம் பற்றி ஒரு சொல். நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவமழை முக்கியம். கிழக்குச் சரிவுகளுக்கு வடகீழ்ப் பருவமழையே பெரிது. மேற்கில் நிற்பவர்கள் சித்திரை, வைகாசியில் கழிப்பு வேலையை முடிக்க வேண்டும். கிழக்கில் நிற்பவர்களுக்கு அது புரட்டாசி வேலை. சந்தேகமான பற்றையின் இலையை உத்தியோகத்தரிடம் கொண்டுபோவதானால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலரைக் கேளுங்கள். இளந்தண்டின் உச்சியை மூன்று இலைகளோடு வெட்டி, ஈரப்படுத்தாமல் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, அன்றே கொண்டுசெல்லுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வழியிலேயே வெந்து, எல்லா நோயும் ஒன்றுபோலத் தெரியும்.